வட்டி ஏறினால் நீண்டகாலக் கால் ஏறுவதும் புட் இறங்குவதும் ஏன்? ரோ பற்றிய விளக்கம்

மத்திய வங்கி வட்டியை உயர்த்தினால் பங்குச் சந்தை சரியும் என்பது பரவலான எண்ணம். ஆனால் ஆப்ஷன் பாடங்களில் வட்டி ஏறினால், குறித்த விலையில் பங்கை வாங்கும் உரிமையான கால் ஆப்ஷனின் விலை ஏறும், விற்கும் உரிமையான புட் ஆப்ஷனின் விலை இறங்கும் என்று இருக்கிறது. இரண்டும் முரண்படுவது போலத் தெரிந்தாலும் இரண்டும் சரிதான். அவை வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். மாதாந்திர ஆப்ஷன்களை மட்டும் வாங்கி விற்பவர்கள் இந்த முரணைப் பற்றிக் கவலைப்படாமலேயே காலம் தள்ளிவிடலாம். ஒரு வருடத்துக்கு மேல் ஆயுள் உள்ள ஆப்ஷனைக் கையில் வைத்திருப்பவருக்கு அது முடியாது.

இந்த விளைவை அளக்கும் எண்ணின் பெயர் ரோ. மற்றவை எதுவும் மாறாமல் வட்டி விகிதம் மட்டும் 1 சதவீதப் புள்ளி, அதாவது 3 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக, உயர்ந்தால் ஆப்ஷன் விலை எவ்வளவு மாறும் என்பதை அது சொல்கிறது.

## அடிப்படை: ஸ்ட்ரைக் தொகைக்கு வட்டி

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். பங்கின் விலை 100. ஆப்ஷனில் குறித்த விலையான ஸ்ட்ரைக்கும் 100. ஆயுள் 2 வருடம். பங்கு விலையின் ஏற்ற இறக்க அளவான வாலட்டிலிட்டி 20 சதவீதம். டிவிடெண்ட் இல்லை. காலாவதி நாளில் மட்டுமே நிறைவேற்றக்கூடிய ஐரோப்பிய வகை ஆப்ஷன். வட்டி, தொடர் கூட்டு வட்டிக் கணக்கில், 3 சதவீதம்.

பங்கை இன்றே வாங்குபவர் 100-ஐ இன்றே கட்டிவிட வேண்டும். கால் வாங்குபவர் பிரீமியத்தை மட்டும் கொடுக்கிறார். ஸ்ட்ரைக் தொகையான 100-ஐ, தேவைப்பட்டால், 2 வருடம் கழித்துக் கட்டுவார். அதுவரை அந்தப் பணம் அவரிடமே இருந்து வட்டி ஈட்டும். 3 சதவீத வட்டியில் 2 வருடம் கழித்துக் கட்ட வேண்டிய 100-இன் இன்றைய மதிப்பு 94.18. பணம் கட்டுவதைத் தள்ளிப்போடும் வசதியின் மதிப்பு 5.82. வட்டி 4 சதவீதமானால் இன்றைய மதிப்பு 92.31 ஆகக் குறைந்து, வசதியின் மதிப்பு 7.69 ஆகிறது. கால் வைத்திருப்பவருக்கு இது கூடுதல் லாபம் என்பதால் அதன் விலை ஏறுகிறது.

புட் வைத்திருப்பவர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறார். அவருக்கு 100 வரப்போகிறது, ஆனால் 2 வருடம் கழித்துத்தான். வட்டி ஏற ஏறத் தாமதமாக வரும் பணத்தின் இன்றைய மதிப்பு தேய்கிறது. அதனால் புட் விலை இறங்குகிறது.

ஆப்ஷனை விற்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வருவோம். பங்கு 1 நகர்ந்தால் ஆப்ஷன் விலை எவ்வளவு நகரும் என்பதைச் சொல்லும் டெல்டா, நம் உதாரணத்தில் காலுக்குச் சுமார் 0.64. 100 பங்குகளுக்கான காலை விற்றவர் தன்னைப் பாதுகாத்துக்கொள்ள 64 பங்குகளை வாங்கி வைக்கிறார். அதற்கான பணத்துக்கு அவர் வட்டி கட்டுகிறார், அந்தச் செலவு பிரீமியத்தில் ஏறுகிறது. புட் விற்றவர் 36 பங்குகளைக் கடன் வாங்கி விற்று, அதாவது ஷார்ட் அடித்து, கையில் பணம் பெறுகிறார். அந்தப் பணம் வட்டி ஈட்டுவதால் அவரால் புட்டை மலிவாகக் கொடுக்க முடிகிறது.

இதையே ஒரு வரியில் சொல்வது புட்-கால் சமன்பாடு:

```
C - P = S - K * e^(-r*T)
```

C காலின் விலை, P புட்டின் விலை, S பங்கு விலை, K ஸ்ட்ரைக், r வட்டி, T வருடங்களில் ஆயுள். பிளாக்-ஷோல்ஸ் முறையில் கணக்கிட்டால் நம் காலின் விலை 14.07, புட்டின் விலை 8.25. வித்தியாசம் 5.82. மேலே பார்த்த அதே தொகை.

## ரோவின் அளவை எது தீர்மானிக்கிறது?

```
ரோ (கால்) =  K * T * e^(-r*T) * N(d2)  / 100
ரோ (புட்) = -K * T * e^(-r*T) * N(-d2) / 100
```

N(d2) என்பது, மாதிரியின் கணக்குப்படி, காலாவதியில் பங்கு விலை ஸ்ட்ரைக்கைத் தாண்டியிருப்பதற்கான நிகழ்தகவு. சூத்திரம் பயமுறுத்துவதாகத் தோன்றினாலும் அதில் இருப்பவை மூன்றே கேள்விகள்தான். எவ்வளவு தொகை கைமாறப்போகிறது? அது எவ்வளவு காலம் தள்ளிப்போகிறது? கைமாறுவதற்கு எவ்வளவு வாய்ப்பு? 100-ஆல் வகுப்பது விடையை 1 சதவீதப் புள்ளிக்கு ஆனதாக மாற்றுவதற்காக.

நம் உதாரணத்தில் N(d2) 0.53. ஆகவே காலின் ரோ 0.99, புட்டின் ரோ -0.89. வட்டியை 4 சதவீதமாக்கி முழுக் கணக்கையும் மறுபடி போட்டால் கால் 15.08, புட் 7.40 என்று வருகிறது. கால் 1.01 ஏறியிருக்கிறது, புட் 0.85 இறங்கியிருக்கிறது. ரோ சொன்னதற்கு மிக அருகில்.

இப்போது ஆயுளை மட்டும் ஒரு மாதமாகக் குறைத்துப் பாருங்கள். காலின் விலை 2.43, ரோ வெறும் 0.04. வட்டி ஒரு முழுப் புள்ளி ஏறினாலும் விலையில் 4 காசு அளவுக்குத்தான் அசைவு. ஏலம் கேட்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியிலேயே அது மறைந்துவிடும். குறுகிய கால ஆப்ஷன் வியாபாரிகள் ரோவைக் கண்டுகொள்ளாததற்குக் காரணம் இதுதான், அவர்கள் செய்வது தவறும் இல்லை. ஸ்ட்ரைக்கும் பங்கு விலையும் சமமான அதே அட் த மணி காலுக்கு ஒரு வருடம் மிச்சமிருந்தால் ரோ 0.50. ஆயுள் பாதியாகும்போது ரோவும் ஏறக்குறைய பாதியாகிறது. எனவே 2 வருட ஆப்ஷனை வாங்கி ஒரு வருடம் வைத்திருந்தவர், வாங்கிய நாளில் குறித்துவைத்த ரோவை இன்னும் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

வட்டி பெரிதாக நகரும்போது ரோவே மாறும். அதே 2 வருட ஆப்ஷன்களின் விலைகள்:

| வட்டி | கால் | காலின் ரோ | புட் | புட்டின் ரோ |
|---|---|---|---|---|
| 1% | 12.15 | 0.92 | 10.17 | -1.04 |
| 3% | 14.07 | 0.99 | 8.25 | -0.89 |
| 5% | 16.13 | 1.06 | 6.61 | -0.75 |

1 சதவீதத்தில் நின்றுகொண்டு, 4 புள்ளி உயர்வுக்கு 0.92-ஐ நான்கால் பெருக்கினால் 3.68 வரும். உண்மையில் கால் 3.97 ஏறுகிறது. புட்டுக்கு 4.16 இறங்கும் என்று கணக்கு சொல்லும், இறங்குவதோ 3.56. அரைப் புள்ளி, ஒரு புள்ளி மாற்றங்களுக்குப் பெருக்கல் போதும். அதற்கு மேல் போனால் விலையை மறுபடி கணக்கிடுவதே நல்லது. அட்டவணையின் முதல் வரியையும் கடைசி வரியையும் ஒப்பிட்டால் இன்னொன்றும் தெரியும். பங்கு அசையாமலேயே கால் சுமார் மூன்றில் ஒரு பங்கு விலை ஏறியிருக்கிறது, புட் அதே அளவுக்கு மலிந்திருக்கிறது.

ஸ்ட்ரைக் மாறினால் என்ன ஆகும்? 60 ஸ்ட்ரைக் காலின் விலை 43.66, ரோ 1.10. 140 ஸ்ட்ரைக் காலின் விலை 2.81, ரோ 0.35. ரோவை மட்டும் பார்த்தால் 60 ஸ்ட்ரைக் கால்தான் வட்டிக்கு அதிகம் அசைவது. ஆனால் போட்ட பணத்தோடு ஒப்பிட்டால் கதை தலைகீழ். ஒரு புள்ளி வட்டி உயர்வு 60 ஸ்ட்ரைக் காலுக்கு 2.5 சதவீத மாற்றம், 100 ஸ்ட்ரைக் காலுக்கு 7 சதவீதம், 140 ஸ்ட்ரைக் காலுக்கு 12 சதவீதம். நீண்டகால ஆப்ஷனை மலிவாக இருக்கிறதே என்று தொலைவான ஸ்ட்ரைக்கில் வாங்குபவர்தான், தெரிந்தோ தெரியாமலோ, ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிகமான வட்டிப் பந்தயம் கட்டுகிறார்.

## எந்த வட்டி?

ரோவைப் பயன்படுத்துவதில் பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. சூத்திரத்தில் உள்ள r மத்திய வங்கி அறிவிக்கும் ஒருநாள் கடன் வட்டி அல்ல. ஆப்ஷன் காலாவதியாகும் நாள்வரைக்கான வட்டி. 2 வருட ஆப்ஷனுக்கு 2 வருட வட்டி. அந்த விகிதம், அடுத்த இரண்டு வருடங்களில் கொள்கை வட்டி எப்படிப் போகும் என்று சந்தை எதிர்பார்ப்பதை ஏற்கெனவே உள்ளடக்கியிருக்கும்.

அமெரிக்காவின் 2022-23 வட்டி உயர்வுச் சுழற்சி இதைத் தெளிவாகக் காட்டியது. பெடரல் ரிசர்வ் தன் வட்டியை மார்ச் 2022-இல் 0-0.25 சதவீதத்திலிருந்து உயர்த்தத் தொடங்கி, ஜூலை 2023-இல் 5.25-5.50 சதவீதத்தில் நிறுத்தியது. ஆனால் முதல் உயர்வு அறிவிக்கப்படும் முன்பே 2 வருட அரசுப் பத்திரத்தின் வருவாய் விகிதம் 1.5 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அறிவிப்புக்காகக் காத்திருந்து ரோவைக் கணக்கிட்டவருக்கு, அந்த மாற்றம் ஆப்ஷன் விலையில் முன்பே ஏறிவிட்டிருந்தது.

இன்னும் கூர்மையான உதாரணம் மார்ச் 2023. மாதத் தொடக்கத்தில் 2 வருட வருவாய் 5 சதவீதத்தைத் தொட்டது. சிலிக்கான் வேலி வங்கி சரிந்த சில நாட்களில் அது 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அதே மாதம் 22-ஆம் தேதி பெடரல் ரிசர்வ் கொள்கை வட்டியை 0.25 புள்ளி உயர்த்தியது. செய்தித் தலைப்பு வட்டி ஏறியதாகச் சொன்னது. 2 வருடக் காலின் ரோவோ எதிர்த் திசையில் வேலை செய்துகொண்டிருந்தது. நம் உதாரணத்தின் அளவில் சொன்னால், வட்டியால் மட்டும் அந்தக் கால் சுமார் 1 இழந்திருக்கும்.

ஆகவே கொள்கை வட்டி மாற்றத்தை ரோவால் பெருக்கிப் பார்ப்பதில் பொருள் இல்லை. காலாவதிக்கு இணையான கால அளவுள்ள வட்டி எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள்.

## பங்கு அசையாது என்ற அனுமானம்

ரோவின் வரையறையிலேயே மற்ற எதுவும் மாறாது என்ற நிபந்தனை இருக்கிறது. சந்தை அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டதல்ல. தொடக்கத்தில் சொன்ன முரண் இங்கே அவிழ்கிறது.

நம் காலுக்கு ஒரு புள்ளி வட்டி உயர்வால் கிடைப்பது சுமார் 1. டெல்டா 0.64 என்பதால் பங்கு சுமார் 1.6 இறங்கினாலே அந்த லாபம் கரைந்துவிடும். வட்டி உயர்வால் பங்கு 5 சதவீதம் சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பங்கு 95, வட்டி 4 சதவீதம் என்று கணக்கிட்டால் கால் 14.07-இலிருந்து 11.93-க்கு இறங்குகிறது. புட் 8.25-இலிருந்து 9.24-க்கு ஏறுகிறது. வட்டி ஏறியும் கால் இறங்கிப் புட் ஏறியிருக்கிறது, ரோவும் பொய்யாகவில்லை. டெல்டா அதை விழுங்கிவிட்டது, அவ்வளவுதான்.

வட்டி ஏறப்போகிறது என்பதற்காக மட்டும் நீண்டகாலக் கால் வாங்குவது எனவே சரியான உத்தி அல்ல என்பதே என் கருத்து. ரோ தனித்துத் தெரிய வேண்டுமானால் பங்குகளை ஷார்ட் அடித்து டெல்டாவைச் சமன் செய்திருக்க வேண்டும். அதையெல்லாம் செய்பவர் வட்டி மீது பந்தயம் கட்ட இதைவிட மலிவான வழிகளைத் தெரிந்து வைத்திருப்பார். மற்றவர்களுக்கு ரோவின் பயன் வேறு: பங்கும் வாலட்டிலிட்டியும் அசையாத நாளில் தன் ஆப்ஷன் ஏன் விலை மாறியது என்று புரிந்துகொள்வதற்கும், தவறான விலையைக் கண்டுபிடிப்பதற்கும்.

## தவறான வட்டியைப் போட்டால் தெரியும் அடையாளம்

ஆப்ஷன் கணிப்பான்களில் வட்டிக் கட்டத்தை யாரும் திருத்துவதில்லை. என்றோ போட்ட எண் அப்படியே கிடக்கும். ஒரு மாத ஆப்ஷனுக்கு இதனால் பெரிய பிழை வராது. 2 வருட ஆப்ஷனில் அது வாலட்டிலிட்டி வேடத்தில் வெளியே வரும்.

சந்தையில் உண்மையான வட்டி 5 சதவீதம், ஆகவே கால் 16.13, புட் 6.61 என்று விற்கின்றன. உங்கள் கணிப்பானில் 1 சதவீதம் இருக்கிறது. கால் விலையிலிருந்து இம்ப்ளைடு வாலட்டிலிட்டியைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் சுமார் 27 சதவீதம் காட்டும். அதே ஸ்ட்ரைக், அதே காலாவதி கொண்ட புட்டோ சுமார் 13.5 சதவீதம் காட்டும். உண்மை இரண்டுக்கும் 20. கால் விலை அதிகம், புட் கொள்ளை மலிவு என்று நம்பி ஒன்றை விற்று மற்றதை வாங்குபவர், இல்லாத வித்தியாசத்தின் மீது பணம் போடுகிறார்.

ஐரோப்பிய வகையில் ஒரே ஸ்ட்ரைக்கின் காலும் புட்டும் ஒரே இம்ப்ளைடு வாலட்டிலிட்டியைத்தான் காட்ட வேண்டும். இந்த 2 வருட உதாரணத்தில் வட்டியில் ஒவ்வொரு புள்ளிப் பிழையும் அவற்றுக்கிடையே சுமார் 3.5 வாலட்டிலிட்டிப் புள்ளி இடைவெளியை உண்டாக்கும். அப்படி இடைவெளி தெரிந்தால், சந்தை உண்மையில் எந்த வட்டியைப் பயன்படுத்துகிறது என்பதை விலைகளிலிருந்தே எடுக்கலாம்:

1. பங்கு விலைக்கு மிக அருகிலுள்ள ஸ்ட்ரைக்கை எடுங்கள். அங்கேதான் காலும் புட்டும் ஓரளவு நன்றாக வியாபாரமாகும்.
2. இரண்டுக்கும் கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலையை விட்டுவிட்டு, ஏலம் கேட்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ள எண்ணை எடுங்கள். நீண்டகால ஆப்ஷனில் கடைசி வியாபாரம் நேற்றோ போன வாரமோ நடந்ததாக இருக்கலாம். கால், புட், பங்கு ஆகிய மூன்றின் விலைகளும் ஒரே நேரத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும்.
3. காலாவதிக்குள் எதிர்பார்க்கும் டிவிடெண்ட்களின் இன்றைய மதிப்பைப் பங்கு விலையிலிருந்து கழியுங்கள். இதை மறந்தால் வட்டி உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.
4. பின்வரும் சூத்திரத்தில் போடுங்கள்:

```
r = -ln( (S - (C - P)) / K ) / T
```

நம் எண்களில் 100-இலிருந்து 5.82-ஐக் கழித்தால் 94.18. அதை 100-ஆல் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, குறியை மாற்றி 2-ஆல் வகுத்தால் 3.0 சதவீதம் வருகிறது. இந்த விகிதம் அரசுப் பத்திர வட்டியைவிடச் சற்று மாறுபட்டிருப்பது இயல்பு. வியாபாரிகள் கடன் வாங்கும் செலவும், பங்கை ஷார்ட் அடிக்கக் கடன் வாங்கும் கட்டணமும் அதில் கலந்திருக்கும். ஷார்ட் அடிக்கப் பங்கு கிடைப்பது அரிதாகி, கட்டணம் ஏறியிருந்தால் விடை எதிர்மறையாகக்கூட வரலாம். கணக்கில் பிழை என்று அதைத் தூக்கி எறிய வேண்டாம்.

ரோ எண்ணைத் திரையில் படிக்கும்போது அலகையும் சரிபார்க்க வேண்டும். 100 விலையுள்ள பங்கின் 2 வருட அட் த மணி காலுக்கு 1-க்கு அருகில் காட்டினால் அது ஒரு சதவீதப் புள்ளிக்கு. 0.01 என்றால் சதவீதப் புள்ளியில் நூறில் ஒரு பங்கான ஒரு பேசிஸ் பாயிண்டுக்கு. 99 என்றால் 100-ஆல் வகுக்காத எண். ஒப்பந்தத்தில் 100 பங்குகள் இருந்தால் விளைவை 100-ஆல் பெருக்குவது தனி வேலை.

## சூத்திரம் பொருந்தாத இரண்டு இடங்கள்

முதலாவது, எந்த நாளும் நிறைவேற்றக்கூடிய அமெரிக்க வகைப் புட். நம் பங்குக்கு 140 ஸ்ட்ரைக் புட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய வகையாக இருந்தால் 3 சதவீத வட்டியில் அதன் விலை 34.65 மட்டுமே. இன்றே நிறைவேற்ற முடிந்தால் 40 கிடைக்கும், ஆனால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியதால் மதிப்பு தேய்ந்திருக்கிறது. அதன் ரோவும் -2.29, மிகப் பெரியது. அமெரிக்க வகையில் விலை 40-க்குக் கீழே போக முடியாது, போனால் உடனே வாங்கி நிறைவேற்றிவிடலாம். தாமதத்தைத் தவிர்க்கும் உரிமை கையில் இருப்பதால் வட்டி ஏற்றம் அதை அவ்வளவாகக் கடிக்காது. உடனே நிறைவேற்றுவதே மேல் என்ற நிலையை எட்டிவிட்ட புட்டுக்கு ரோ பூஜ்யம். அமெரிக்க வகைப் புட்டுக்கு ஐரோப்பியச் சூத்திரத்தின் ரோவைக் காட்டும் மென்பொருள், ஆழமான ஸ்ட்ரைக்குகளில் ஆபத்தைப் பல மடங்கு பெரிதாகக் காட்டும்.

இரண்டாவது, பியூச்சர் மீதான ஆப்ஷன். பியூச்சர் விலைக்குள்ளேயே காலாவதிவரையான வட்டி அடங்கியிருக்கிறது. பியூச்சர் விலை மாறாமல் வட்டி மட்டும் ஏறினால், முன்பணமாகப் பிரீமியம் கட்டும் ஐரோப்பிய வகையில் காலும் புட்டும் இரண்டுமே சற்று இறங்கும். பிரீமியம் முழுவதற்குமான தள்ளுபடி மட்டுமே அங்கே நடக்கிறது, எனவே ரோ இரண்டுக்கும் எதிர்மறை, அளவிலும் சிறியது. வட்டி ஏறியதால் பியூச்சர் விலை நகர்ந்தால் அந்த விளைவு டெல்டா வழியாக வந்து சேரும். பியூச்சர் விலையை உள்ளீடாகக் கொடுத்துவிட்டு, பங்கு ஆப்ஷனுக்கான ரோவையும் சேர்த்துக் கூட்டுபவர் ஒரே வட்டியை இரண்டு முறை எண்ணுகிறார்.